விரல் ரேகையும் காப்பறையும்: கருவி காப்பது எதை, காக்க இயலாதது எதை?

சித்தூர் மாவட்டத்தின் விஜயபுரம் மண்டலம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, நகரிக்கு அருகில் அமைந்துள்ளது. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் இப்பகுதியில், ஒரு தொழிலாளி தன் வங்கிக் கணக்கில் சேர்ந்த கூலியை எடுக்க ஒவ்வொரு முறையும் நகரிக்கோ புத்தூருக்கோ போக வேண்டிய நிலை இப்போது இல்லை. வங்கியின் முகவர் கைப்பேசி ஒன்றையும், அதனுடன் இணைத்த சிறிய ரேகைக் கருவி ஒன்றையும் வைத்துக்கொண்டு ஊரிலேயே பணம் தருகிறார். வாடிக்கையாளர் ஆதார் எண்ணையும் வங்கியின் பெயரையும் சொல்லிக் கருவியின் கண்ணாடியில் விரலை வைத்தால் போதும். அட்டையோ, கையெழுத்தோ, இரகசிய எண்ணோ தேவையில்லை. இதுவே ஆதார் வழிப் பணப்பட்டுவாடா முறையாகும். இதனை இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்தி வருகிறது.

முன்னாளில் கைநாட்டு என்பது தாளின் மீது பதியும் மைக்கறை. அதனை இட்டவரும் அதற்குச் சாட்சியானவரும் ஒரே இடத்தில் இருந்தனர். இன்றைய கைநாட்டு மின் சைகையாக மாறி, முகவரின் கைப்பேசி வழியாகப் பல நூறு கல் தொலைவிலுள்ள கணிப்பொறிக்குச் செல்கிறது. இடையில் உள்ள கைப்பேசி யாருடையது? முகவருடையது. அதில் என்னென்ன நிரல்கள் இயங்குகின்றன என்பது வங்கிக்கும் தெரியாது, வாடிக்கையாளருக்கும் தெரியாது. தன் வசத்தில் இல்லாத ஓர் இயந்திரத்தின் வழியாக வரும் செய்தியை ஒருவர் எவ்வாறு நம்புவது என்பதே இங்கு எழும் கேள்வி.

இக்கேள்விக்குக் கணிப்பொறித் துறை கண்ட விடைகளுள் ஒன்று, ஆங்கிலத்தில் டிரஸ்டெட் எக்ஸிகியூஷன் என்விரான்மென்ட் எனப்படும் நம்பகமான இயக்கச் சூழல். செக்யூர் என்கிளேவ் என்ற பெயரும் இவ்வகை ஏற்பாட்டுக்கு வழங்குகிறது. எளிமை கருதி இக்கட்டுரையில் இதனைக் காப்பறை என்று குறிப்பிடுவோம். இது எவற்றைத் தடுக்கிறது, எவற்றைத் தடுக்க இயலாது என்பதை நம் நாட்டு ரேகைக் கருவிகளைக் கொண்டே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பறை என்பது யாது?

சாதாரணக் கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ இயக்க முறைமை என்னும் தலைமை நிரலே எல்லா அதிகாரமும் உடையது. மற்ற நிரல்களின் நினைவகத்தை அது படிக்கலாம், மாற்றலாம். ஆகவே இயக்க முறைமையைக் கைப்பற்றியவர் இயந்திரம் முழுவதையும் கைப்பற்றியவராகிறார். இயந்திரத்தின் உரிமையாளரே மோசடி செய்ய எண்ணினால் அவரைத் தடுக்க அதனுள் வேறு எவரும் இல்லை.

காப்பறை இந்நிலையை மாற்றுகிறது. செயலியின் வன்பொருளிலேயே ஒரு பகுதி தனியாகப் பிரிக்கப்படுகிறது. அதற்கெனத் தனி நினைவகப் பகுதியும், அதனுள் மட்டும் இயங்கும் சிறிய நிரலும் உண்டு. வெளியிலுள்ள இயக்க முறைமை அதனிடம் ஒரு வேலையைக் கேட்கலாம், விடையைப் பெறலாம். ஆனால் உள்ளே எட்டிப்பார்க்க இயலாது. பார்க்க முயன்றால் வன்பொருளே மறுத்துவிடும். கைப்பேசிச் செயலிகளில் பரவலாகக் காணப்படும் ஆர்ம் நிறுவனத்தின் டிரஸ்ட்ஸோன் என்னும் அமைப்பு, செயலியைச் சாதாரண உலகு, பாதுகாப்பு உலகு என இரண்டாகப் பகுக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2013இல் தன் கைப்பேசியில் ரேகை உணர்வியைச் சேர்த்தபோது, ரேகை விவரங்களைக் காக்க இத்தகைய தனிப் பகுதியொன்றை அமைத்தது. இன்டெல் நிறுவனம் 2015இல் எஸ்ஜிஎக்ஸ் என்ற பெயரில் கணிப்பொறிச் செயலிகளில் இதே கருத்தை வேறு வகையில் கொண்டுவந்தது.

காப்பறைக்கு மூன்று கடமைகள் உண்டு. முதலாவது, உள்ளே வைத்த இரகசியத்தை வெளியே விடாதிருத்தல். இரண்டாவது, உற்பத்தியாளர் ஒப்பமிட்ட நிரலைத் தவிர வேறு நிரலை உள்ளே இயங்கவிடாதிருத்தல். மூன்றாவது, தொலைவில் உள்ளவருக்குத் தன்னைப் பற்றிச் சான்று கூறுதல். “நான் இன்ன வகைக் கருவி, என்னுள் இன்ன நிரல் இயங்குகிறது, இச்செய்தி என்னிடமிருந்தே வந்தது” என்று அது மின்னொப்பம் இட்டு அனுப்புகிறது. அவ்வொப்பத்துக்கு வேண்டிய இரகசியச் சாவி காப்பறையை விட்டு வெளியே வருவதில்லை. எனவே ஒப்பம் சரியாயிருந்தால் செய்தி அக்கருவியிலிருந்தே வந்தது எனத் தொலைவில் உள்ளவர் கொள்ளலாம்.

2017இல் நேர்ந்தது

நம் நாட்டில் இதன் தேவை எவ்வாறு உணரப்பட்டது என்பதை ஒரு நிகழ்ச்சி தெளிவாக்கும். தொடக்க காலத்தில் ரேகைக் கருவி என்பது ஏறத்தாழ ஒரு நிழற்படக் கருவியே. அது விரலின் படத்தை எடுத்துக் கணிப்பொறிக்குக் கொடுக்கும். கணிப்பொறியிலுள்ள நிரல் அதனைப் பூட்டி இந்திய தனித்துவ அடையாள ஆணையத்துக்கு அனுப்பும். பூட்டுவதற்கு முன்னர் ரேகை திறந்த நிலையில் கணிப்பொறியின் நினைவகத்தில் இருந்தது. விரும்பினால் அதனைச் சேமித்து வைத்துக்கொண்டு, உரியவர் இல்லாதபோது மீண்டும் அனுப்பலாம்.

2017 பிப்ரவரியில் ஆணையம் இது பற்றிக் காவல் துறையிடம் புகார் செய்தது. 2016 ஜூலை முதல் 2017 பிப்ரவரி வரை ஒரே நபரின் பேரில் 397 ரேகைச் சரிபார்ப்புகள் வெவ்வேறு நிறுவனங்களின் வழியாக வந்திருந்தன. சேமித்து வைத்த ரேகையே பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு.

இதனை எவ்வாறு கண்டறிய முடியும்? மனிதன் ஒரே விரலை இருமுறை வைத்தாலும் இரண்டு படங்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவதில்லை. அழுத்தமும், சாய்வும், ஈரமும் ஒவ்வொரு முறையும் சிறிதளவேனும் மாறும். ஆகவே இரண்டு பதிவுகள் எல்லா வகையிலும் ஒத்திருந்தால், அது ஒற்றுமைக்குச் சான்றாகாது, மோசடிக்கே அறிகுறியாகும். இந்த எளிய உண்மை ஆய்வு செய்யும் அலுவலர்கள் நினைவிற்கொள்ளத் தக்கது.

பதிவு பெற்ற கருவிகள்

இதே ஆண்டில் ஆணையம் பதிவு பெற்ற கருவி என்னும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதன்படி ஒவ்வொரு கருவிக்கும் தனிக் குறியீடும் தனிச் சாவியும் உண்டு. ஆணையம் கருவி வழங்குநருக்குச் சான்று அளிக்கிறது. வழங்குநர் ஒவ்வொரு கருவிக்கும் சான்று அளிக்கிறார். ரேகை எடுக்கப்பட்டதும் அதன் சுருக்கக் குறி கணிக்கப்பட்டு, நேரமும் கருவிக் குறியீடும் சேர்க்கப்பட்டு, கருவியின் சாவியால் ஒப்பமிடப்படுகிறது. விதிமுறையின் சாரம் இதுவே:

```
bs = sign( SHA-256(bio) + ts + dc )
```

இதில் `bio` என்பது ரேகைப் பதிவு, `ts` என்பது நேரம், `dc` என்பது கருவிக் குறியீடு, `bs` என்பது ஒப்பம். பின்னர் இவை அனைத்தும் ஓர் உறையில் இடப்பட்டுப் பூட்டப்படுகின்றன. உறையைப் பூட்டும் சாவி ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கப்படுகிறது. அச்சாவியும் ஆணையத்தின் பொதுச் சாவியால் பூட்டப்பட்டே அனுப்பப்படுகிறது. எனவே உறையைத் திறக்க ஆணையத்தால் மட்டுமே இயலும். நேற்றைய ரேகையை இன்று அனுப்ப விரும்புபவர் நேரத்தை மாற்ற வேண்டும். நேரத்தை மாற்றினால் ஒப்பம் பொருந்தாது.

ஆயினும் இங்கு ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. ஒப்பமிடும் வேலையும் பூட்டும் வேலையும் எங்கே நடைபெறுகின்றன? ஆணையத்தின் விதிமுறை இதனைக் கொண்டு கருவிகளை இரு நிலைகளாகப் பிரித்தது. எல்-0 நிலையில் இவ்வேலைகள் முகவரின் கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ உள்ள மென்பொருளால் செய்யப்படுகின்றன. எல்-1 நிலையில் இவை காப்பறைக்குள் செய்யப்படுகின்றன. கைப்பேசியின் இயக்க முறைமையோ அதனைப் பயன்படுத்துபவரோ இரகசியச் சாவியைப் பெறவும், வெளியிலிருந்து வேறொரு ரேகையை உள்ளே புகுத்தவும் வழி இருத்தலாகாது என்பதே எல்-1 நிலைக்குரிய நிபந்தனை.

எல்-0 முறையைத் தலைவாயிலில் பூட்டுப் போட்டுச் சாவியை அதே வீட்டின் உறியில் வைப்பதற்கு ஒப்பிடலாம். வழிப்போக்கர் உள்ளே வரமாட்டார். ஆனால் வீட்டில் இருப்பவருக்குச் சாவி கிடைக்கும். கைப்பேசியின் காவலைத் தகர்த்து அதன் முழு அதிகாரத்தையும் பெற்றவர், மென்பொருளில் உள்ள சாவியைத் தேடி எடுக்கலாம். அல்லது உணர்விக்கும் மென்பொருளுக்கும் இடையே நுழைந்து, சேமித்த படத்தை இப்போது எடுத்ததுபோல் கொடுக்கலாம். மென்பொருளும் அதனை நம்பி ஒப்பமிட்டுவிடும். எல்-1 கருவியிலோ, உணர்வியிலிருந்து ரேகை நேராகக் காப்பறைக்குள் செல்கிறது. வெளிவருவது பூட்டிய உறை மட்டுமே. முகவரின் கைப்பேசி அவ்வுறையைச் சுமந்து செல்லும் அஞ்சற்காரர் ஆகிறது. அது உறையைத் தொலைக்கலாம், தாமதப்படுத்தலாம். திறக்கவோ திருத்தவோ இயலாது. இக்காரணத்தால்தான் எல்-0 ரேகைக் கருவிகளைக் கைவிட்டு எல்-1 கருவிகளுக்கு மாறுமாறு ஆணையம் பணித்தது.

இரப்பர் விரல்

இதுவரை கூறியவற்றால் காப்பறை பெருந்தடையாக அமைகிறது என்பது விளங்கும். ஆனால் அது உறுதி கூறுவது என்ன என்பதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். “இப்பதிவு இக்கருவியின் கண்ணாடியிலிருந்து இந்நேரத்தில் எடுக்கப்பட்டது; இடையில் எவரும் மாற்றவில்லை” என்பதே அதன் கூற்று. கண்ணாடியின் மீது வைக்கப்பட்டது உயிருள்ள விரலா என்பது பற்றி இக்கூற்றில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த இடைவெளியை மோசடிக்காரர்கள் விரைவில் கண்டுகொண்டனர். நிலப் பத்திரங்களைப் பதிவு செய்யும்போது பெருவிரல் ரேகை பெறப்படுகிறது. அப்பத்திரங்களின் படிகள் இணையத்தில் கிடைத்தபோது, பெயரும் ஆதார் எண்ணும் ரேகையும் ஒரே தாளில் ஒருங்கே கிடைத்தன. 2018இல் தெலங்கானாவில் கைப்பேசி இணைப்பு விற்பனை செய்துவந்த ஒருவர், இவ்வாறு பெற்ற ரேகைகளை இரப்பர் முத்திரை செய்யும் முறையில் வார்த்து, பிறர் பெயரில் ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளை இயக்கியதாகக் கைது செய்யப்பட்டார். 2022இல் சைபராபாத் காவல் துறையினர் பிடித்த கும்பல், ஆந்திரப் பிரதேசப் பதிவுத் துறையின் பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்து, ஆதார் வழிப் பணப்பட்டுவாடா மூலம் பிறர் கணக்குகளிலிருந்து பணம் எடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது.

இந்த இரண்டாம் வகை மோசடியைக் காப்பறையின் பார்வையில் நிகழ்த்திப் பார்ப்போம். விஜயபுரத்தில் நிலம் விற்ற ஒரு விவசாயியின் பத்திரம் ஒருவர் கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் அந்த ரேகையை மெல்லிய இரப்பர் படலமாக வார்த்துத் தன் விரலில் ஒட்டிக்கொள்கிறார். வேறொரு மாவட்டத்தில், முறையாகப் பதிவு பெற்ற எல்-1 கருவியொன்றில் அவ்விரலை வைக்கிறார். உணர்வி மேடு பள்ளங்களைக் காண்கிறது. காப்பறை அவற்றைப் பிழையின்றிப் பதிந்து, சரியான நேரத்தையும் சரியான குறியீட்டையும் சேர்த்து, உண்மையான சாவியால் ஒப்பமிடுகிறது. ஆணையத்தின் கணிப்பொறி ஒப்பத்தைச் சரிபார்க்கிறது, சரி. ரேகையை ஒப்பிடுகிறது, அதுவும் சரி. பணம் போய்விடுகிறது. இதில் காப்பறை தன் கடமையில் எள்ளளவும் தவறவில்லை என்பதே கவனத்துக்குரியது. அது பொய்யை உண்மையாகப் பதிந்து, பத்திரமாகக் கொண்டு சேர்த்தது.

இதற்கு மாற்று வேறு துறையில் உள்ளது. விரலின் உயிர்த்தன்மையை அறிய வேண்டும். 2023 பிப்ரவரியில் ஆணையம் புதிய முறையொன்றை அறிவித்தது. அதன்படி ரேகையின் நுண்புள்ளிகளை மட்டும் ஒப்பிடாமல், விரலின் முழுப் படத்தையும் சேர்த்து ஆராய்ந்து, அது உயிருள்ள விரல்தானா என்று கணிக்கப்படுகிறது. இது பயனுள்ள தடையே. எனினும் இதன் விடை ஒரு கணிப்பு. காப்பறையின் ஒப்பம் போல் ஆம், இல்லை என்று அறுதியிட்டுக் கூறத்தக்கதன்று. வார்ப்பு நுட்பம் உயரும்போது கணிப்பும் உயர வேண்டியிருக்கும். கடினமான வேலையால் ரேகை தேய்ந்த கூலித் தொழிலாளியின் உண்மையான விரலை அது சந்தேகிக்காமல் இருக்கவும் வேண்டும். மறுபுறம், பத்திரங்களில் ரேகையை மறைத்து வெளியிடுவது காப்பறைக்கு அப்பாற்பட்ட, ஆனால் அதனினும் மலிவான பாதுகாப்பாகும்.

திரையில்லாத கருவி

மற்றொரு வகை மோசடிக்கு இரப்பர் விரலும் தேவையில்லை. உரியவரே நேரில் வந்து தம் விரலையே வைக்கிறார். “இருப்பு எவ்வளவு என்று பார்க்கிறேன்” என்று முகவர் கூறுகிறார். ஆனால் கைப்பேசியில் 3,000 ரூபாய் எடுக்கக் கட்டளையிடுகிறார். அல்லது பணம் கணக்கிலிருந்து கழிந்த பின்னர், “ரேகை பொருந்தவில்லை, நாளை வாருங்கள்” என்று அனுப்பிவிடுகிறார். பெரும்பாலான முகவர்கள் நேர்மையாளர்களே. ஆயினும் ஒரு முறையைச் சோதிக்கும்போது, நேர்மையற்ற ஒருவர் கையில் அது என்ன ஆகும் என்றே பார்க்க வேண்டும்.

இங்கு காப்பறை ஏன் உதவவில்லை? மேலே கொடுத்த ஒப்பத்தின் உள்ளடக்கத்தை மீண்டும் நோக்குக. ரேகை, நேரம், கருவிக் குறியீடு ஆகியவை உள்ளன, தொகை இல்லை. எடுக்கப்படும் தொகை முகவரின் கைப்பேசியில் உள்ள செயலியில் எழுதப்படுகிறது. அது காப்பறைக்கு வெளியே உள்ளது. “நான் இன்னார்” என்பதற்கு மட்டுமே ரேகை சாட்சி சொல்கிறது. “நான் இத்தொகைக்கு இசைந்தேன்” என்பதற்கு அது சாட்சி அன்று. பழைய கைநாட்டில் இவ்விரண்டும் ஒரே தாளில் இருந்தன. புதிய கைநாட்டில் அவை பிரிந்துவிட்டன.

இக்குறையை வன்பொருளால் நீக்குவது இயலாததன்று. கருவிக்கே ஒரு சிறு திரையைக் கொடுத்து, அத்திரையைக் காப்பறையின் வசத்தில் வைத்து, அதில் தோன்றும் தொகையையும் சேர்த்து ஒப்பமிடச் செய்யலாம். வணிக நிலையங்களில் அட்டை தேய்க்கும் இயந்திரத்தில் தொகை அதன் திரையிலேயே தோன்றுவது இக்கருத்தை ஒட்டியதே. ஆனால் மலிவான ரேகைக் கருவிக்குத் திரை இல்லை. திரை இருந்தாலும், எழுத்தறியாத ஒருவர் அதில் உள்ளதைப் படிக்கப் பிறரைச் சார்ந்தே இருப்பார். ஆகவே குரல் அறிவிப்பு, அச்சிட்ட சீட்டு, கணக்கில் கழிந்தவுடன் வரும் குறுஞ்செய்தி ஆகியவை இங்கு காப்பறையைக் காட்டிலும் பெரிய பாதுகாப்பு.

காப்பறையே உடைந்தால்

காப்பறையின் சுவரும் உடைக்க முடியாததன்று. 2018 ஆகஸ்டில் பல பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் போர்ஷேடோ என்று பெயரிட்ட ஒரு தாக்குதலை வெளியிட்டனர். செயலி தன் வேகத்தைக் கூட்டுவதற்காக, ஒரு கட்டளை அனுமதிக்கப்பட்டதா எனத் தெரியும் முன்னரே அதனை ஊகமாகச் செய்து பார்ப்பதுண்டு. ஊகம் தவறினால் விளைவு அழிக்கப்படும். ஆனால் அதன் தடம் செயலியின் இடைநினைவகத்தில் சிறிது நேரம் தங்கிவிடுகிறது. அத்தடத்தை அளந்து, இன்டெல் எஸ்ஜிஎக்ஸ் காப்பறையின் உள்ளே இருந்த இரகசியங்களை ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். அவற்றுள் காப்பறை தன்னைப் பற்றிச் சான்று கூறப் பயன்படுத்தும் சாவியும் ஒன்று.

சாவி வெளிப்பட்டதன் விளைவைக் கருதுக. அச்சாவியை உடையவர் எந்தக் கணிப்பொறியிலும் அமர்ந்துகொண்டு, “நான் உண்மையான காப்பறை” என்று ஒப்பமிடலாம். தொலைவில் உள்ளவர் கண்ணுக்கு அந்த ஒப்பத்தில் குறை எதுவும் தெரியாது. நம்பிக்கை முழுவதும் ஒரு சாவியின் மீது நிற்பதால், அது போனால் எல்லாம் போகிறது. இன்டெல் நிறுவனம் திருத்தங்களை வெளியிட்டுச் சாவிகளைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று.

கருவியைக் கையில் வைத்திருப்பவரின் தாக்குதல் இன்னொரு வகை. 2025இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே ஒரு சிறு மின்பலகையைச் செருகி, பெருங்கணிப்பொறிகளின் காப்பறைகளை ஏமாற்றிக் காட்டினர். அப்பலகையின் செலவு 50 டாலருக்கும் குறைவு. நேரடியாகக் கைவைக்கும் இத்தகைய தாக்குதல்கள் தம் பாதுகாப்பு வரம்புக்கு உட்பட்டவை அல்ல என்பது செயலி உற்பத்தியாளர்களின் நிலை. கணிப்பொறி பூட்டிய மண்டபத்தில் இருக்கும்போது இந்த வரம்பு ஓரளவு பொருந்தும். ரேகைக் கருவியோ முகவரின் மேசையில் இரவும் பகலும் இருக்கிறது. எனவே உறையைப் பிரித்தால் சாவியை அழித்துக்கொள்ளும் ஏற்பாடு கருவியில் உண்டா என்பது கேட்டறிய வேண்டியதாகும்.

ஆதார் கருவிகளின் அமைப்பில் ஒரு நற்கூறு உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி இருப்பதால், ஒரு கருவியின் சாவி வெளிப்பட்டால் அந்தக் கருவியின் குறியீட்டை மட்டும் தடை செய்யலாம். மற்றவை தொடர்ந்து இயங்கும். ஆனால் தடை செய்வதற்கு முன் சாவி வெளிப்பட்டது தெரிய வேண்டும். சாவியைத் திருடியவர் ஒப்பத்தில் தவறு செய்யமாட்டார். அவர் நடத்தையில்தான் அடையாளம் தெரியும்.

அலுவலர்கள் கவனிக்க வேண்டியவை

ஆய்வாளருக்குக் கிடைக்கும் அடையாளங்கள் மோசடியின் வகைக்கேற்ப மாறுபடும். ஒரே ரேகைப் பதிவு மாற்றமின்றி மீண்டும் வந்தால், சேமித்த ரேகை அனுப்பப்பட்டிருக்கலாம். கருவியின் நிலையையும் அதன் மென்பொருளையும் சோதிக்க வேண்டும். ஒரு கருவியில் நள்ளிரவிலோ குறுகிய நேரத்திலோ, தொலை மாவட்டங்களைச் சேர்ந்த பலரின் கணக்குகளிலிருந்து அடுத்தடுத்துப் பணம் எடுக்கப்பட்டால், இரப்பர் விரலை ஐயுறலாம். ஒரே குறியீடு ஒரே நேரத்தில் இரு ஊர்களிலிருந்து வந்தால் சாவி வெளிப்பட்டிருக்கக் கூடும். பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காயிருந்தும் ஒரு முகவரைப் பற்றி மட்டும் வாய்மொழிப் புகார்கள் மீண்டும் மீண்டும் வந்தால், அது தொகையில் செய்யப்படும் மோசடியாக இருக்கலாம். இக்கடைசி வகையில் கணிப்பொறிப் பதிவு வாடிக்கையாளருக்கு எதிராகவே பேசும் என்பதை மறத்தலாகாது. “எல்-1 கருவியில் ரேகை பொருந்தியுள்ளது; ஆகவே பணம் பெற்றுள்ளார்” என்று ஒரு புகாரை முடித்துவிடுவது தருக்கப் பிழை. ரேகை பொருந்தியது என்பதற்கே அது சான்று; பணம் கைக்கு வந்தது என்பதற்கு அன்று.

பின்னர் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் சிலவும் இதனை உணர்த்துகின்றன. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் பிறப்பித்து, 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டளைகள் முகவரையே மையமாகக் கொண்டவை. முகவரைச் சேர்க்கும் முன் அவரது அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். மூன்று மாதங்கள் தொடர்ந்து செயல்படாதிருந்தவரை மீண்டும் சரிபார்த்த பின்னரே அனுமதிக்க வேண்டும். அவரது இடத்துக்கும் தொழிலுக்கும் ஏற்ற வரம்புகளை வைத்துக் கண்காணிக்க வேண்டும். கருவியின் காப்பறையைத் தாண்டி, அதனை இயக்கும் மனிதரிடத்தில் வைக்கப்பட்ட காவல் இது.

வாடிக்கையாளர் கையிலும் ஒரு பூட்டு உண்டு. ஆணையத்தின் இணையதளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ ஒருவர் தம் உயிரியல் அடையாளங்களைப் பூட்டி வைக்கலாம். பூட்டிய நிலையில் உண்மையான விரல் வைத்தாலும் சரிபார்ப்பு நடைபெறாது. இரப்பர் விரலும் பயன்படாது. பணம் எடுக்க வேண்டியபோது திறந்து, பின் பூட்டிக்கொள்ளலாம். கைப்பேசி எண்ணை ஆதாருடன் இணைத்திருப்பவர்க்கே இது எளிது. பணம் பறிபோனது தெரிந்தவுடன் 1930 என்னும் எண்ணில் புகார் செய்யலாம். வங்கிக்கும் எழுத்து மூலம் உடனே தெரிவிக்க வேண்டும்.

முடிவாகக் கொள்ளத்தக்கது இது. விஜயபுரத்து முகவரின் கைப்பேசியிடமிருந்து தொழிலாளியின் ரேகையை எல்-1 கருவியின் காப்பறை காக்கிறது. 2017இல் நேர்ந்ததாகக் கூறப்பட்ட வகை மோசடிக்கு அது தகுந்த விடை. பதிவு அலுவலகத்தின் பத்திரத்திலிருந்து வெளியேறிவிட்ட ரேகையை அது திரும்பப் பெற்றுத் தராது. திரையில் எழுதப்படும் தொகையை அது பார்ப்பதும் இல்லை. கருவிகளை வாங்கும் அலுவலகம் காப்பறைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதோடு, பத்திரங்களில் ரேகை மறைக்கப்பட்டுள்ளதா, ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் சீட்டு கொடுக்கப்படுகிறதா என்ற இரண்டு கேள்விகளையும் அதே கோப்பில் எழுதி விடை பெறுதல் வேண்டும்.